ஸ்கீயை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா: எதிர்காலம் தெரியாதவரின் கணக்கு

ஆல்ப்ஸ் மலையடிவார ஊர்களில் ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்கீ, அதற்கான பூட்ஸ், கையில் பிடிக்கும் கோல் எல்லாம் ஒரு செட்டாக நாள் வாடகைக்குக் கிடைக்கும். அதே கடையில் விலைக்கும் வாங்கலாம். சூரிக்கில் இருக்கும் என் அக்கா குடும்பத்தோடு அப்படி ஒரு கடையில் நின்றபோது, அத்தான் பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை நாள் இந்தப் பக்கம் வருவோம்னு யாராவது சொல்லுங்க, நான் முடிவு பண்றேன்" என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. பனி உருகிவிடலாம், குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், இரண்டாம் நாளே எல்லோருக்கும் அலுத்துப்போகலாம். மாறாக, ஆசை தொற்றிக்கொண்டு வாராவாரம் வரவும் செய்யலாம்.

கணினியியலில் இது பெயர்பெற்ற புதிர். எதிர்காலத்தை ஊகிக்கும் வழி எதையும் சொல்லாமல், "எதிர்காலம் எப்படிப் போனாலும் இதற்குமேல் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்" என்று உத்தரவாதம் தருகிற கணக்கு இது. தகவல் துண்டு துண்டாக வந்துகொண்டிருக்க, அடுத்த துண்டு வருமுன் முடிவெடுத்தாக வேண்டிய அல்காரிதங்களை ஆன்லைன் அல்காரிதம் என்கிறார்கள். இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எடுத்த முடிவைத் திரும்பப் பெற முடியாது என்பதுதான் இதன் குணம்.

எண்களை எளிதாக்கிக்கொள்வோம். நாள் வாடகை 40 பிராங்க், விலை 400 பிராங்க் என்று வைத்துக்கொண்டு, 40 பிராங்கை ஒரு அலகாக எடுத்தால் வாடகை 1, விலை 10. வாங்கிவிட்டால் அப்புறம் செலவே இல்லை. தினமும் காலையில் நமக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: இன்றைக்கும் ஸ்கீ ஓட்டப் போகிறோம். நாளைக்கு உண்டா என்பது தெரியாது.

எல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தால் அவருக்கு யோசனையே தேவையில்லை. மொத்தம் 10 நாளுக்குக் குறைவு என்றால் வாடகை, 10 நாளோ அதற்கு மேலோ என்றால் முதல் நாளே வாங்கிவிடுவது. நாட்களின் எண்ணிக்கை, 10 ஆகிய இரண்டில் எது சிறியதோ அதுவே அவருடைய செலவு. நம்முடைய செலவை அவருடைய செலவால் வகுத்தால் வரும் விகிதம், எதிர்காலம் தெரியாத குறைக்கு நாம் கட்டும் அபராதம். எப்படிப்பட்ட எதிர்காலம் வந்தாலும் இந்த விகிதம் எந்த எண்ணைத் தாண்டாதோ, அதுதான் நம் உத்தியின் போட்டி விகிதம். ஆங்கில எழுத்தில் c என்று குறிப்பார்கள்.

சராசரியை விட்டுவிட்டு மிக மோசமான நிலையை எடுப்பது ஏன் என்று கேட்கலாம். சராசரி எடுக்க வேண்டுமானால் எந்த எதிர்காலத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கடையில் நின்றவர்களிடம் அதுதான் இல்லை. செலவை நேரடியாகப் பார்க்காமல் விகிதமாகப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. ஆறு மாதம் ஓட்டினால் எவருக்கும் செலவு கூடும். அதற்காக நம் உத்தியைக் குறைசொல்ல முடியாது. அதே ஆறு மாதத்தில் எல்லாம் தெரிந்தவர் என்ன செலவழித்திருப்பார் என்பதோடு ஒப்பிட்டால்தான் நியாயம்.

சரி, நம் கையில் என்னென்ன உத்திகள் இருக்கின்றன? யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், எல்லா உத்தியும் ஒரே ஒரு எண்ணில் அடங்கிவிடுகிறது. தினமும் நமக்குக் கிடைக்கும் செய்தி "இன்னும் முடியவில்லை" என்பது மட்டும்தான். எனவே எவ்வளவு சிக்கலான திட்டம் போட்டாலும் அது "k-ஆம் நாள் காலையில் வாங்குவேன், அதுவரை வாடகை" என்பதாகவே முடியும். சீட்டுக் குலுக்கல் எதுவும் இல்லாதவரை இதற்கு விலக்கு கிடையாது.

முதல் நாளே வாங்குபவரைப் பாருங்கள். மறுநாளே பனி உருகிவிட்டால் அவர் செலவு 10, எல்லாம் தெரிந்தவர் செலவு 1. பத்து மடங்கு. வாங்கவே மாட்டேன் என்பவர் நூறு நாள் ஓட்டினால் அவருக்கு 100, தெரிந்தவருக்கு 10. அவரும் பத்து மடங்கு, இன்னும் போகப்போக எல்லையே இல்லை. நடுவில் எங்கோ விடை இருக்க வேண்டும்.

அக்கா மகள் உடனே கேட்டாள்: "மாமா, வாடகை பாதி விலையை எட்டப்போற அன்னைக்கே வாங்கிட்டா ரெண்டு பக்கமும் நஷ்டம் குறையும் இல்ல?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்தாம் நாள் காலையில் வாங்குகிறாள் என்றால், நான்கு நாள் வாடகை 4, விலை 10, மொத்தம் 14. அன்று மாலையே கால் சுளுக்கிக்கொண்டு ஸ்கீ முடிந்துபோகிறது. தெரிந்தவர் ஐந்து நாள் வாடகையோடு, அதாவது 5-ஓடு முடித்திருப்பார். 14-ஐ 5-ஆல் வகுத்தால் 2.8.

இந்தக் கால் சுளுக்கில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நம் உத்தியை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, நமக்கு அதிகபட்ச நஷ்டம் வரும்படி எதிர்காலத்தை அமைக்கிற ஒரு எதிராளியைக் கற்பனை செய்துகொள்வது இந்தத் துறையின் வழக்கம். அந்த எதிராளிக்கு ஸ்கீ புதிரில் ஒரே ஒரு நல்ல நேரம்தான்: நாம் காசைக் கொட்டி வாங்கிய அந்த நாளோடு பருவத்தை முடித்துவிடுவது. வாங்குமுன் முடித்தால் நாம் வாடகையோடு தப்பிக்கிறோம். வாங்கி வெகுநாள் கழித்து முடித்தால் வாங்கியதற்கு நமக்குப் பலன் கிடைத்துவிடுகிறது.

ஆக k-ஆம் நாள் வாங்குபவரின் மிக மோசமான செலவு, (k − 1) நாள் வாடகையும் 10 விலையும், அதாவது k + 9. தெரிந்தவரின் செலவு, k பத்துக்குள் இருந்தால் k, தாண்டினால் 10. பத்துக்குள் இருக்கும்போது விகிதம் 1 + 9/k, எனவே தள்ளிப்போடப்போட அது குறைகிறது. பத்தைத் தாண்டியதும் கீழே 10 நின்றுவிடுகிறது, மேலே k ஏறிக்கொண்டே போகிறது, எனவே தள்ளிப்போடப்போட விகிதம் கூடுகிறது. பதினைந்தாம் நாள் வாங்கினால் 2.4. இறங்குகிற கோடும் ஏறுகிற கோடும் சந்திக்கும் இடம் k = 10. அங்கே விகிதம் 19/10, அதாவது 1.9.

பொதுவாகச் சொன்னால், விலை B என்றால் விகிதம் 2 − 1/B. விலை வாடகையைப்போல் நூறு மடங்கானால் 1.99. எவ்வளவு உயர்ந்தாலும் 2-ஐத் தொடாது. நடைமுறையில் இது இப்படிப் படிக்கப்படுகிறது: அடுத்த வாடகையையும் கொடுத்தால் வாடகையே விலைக்குச் சமமாகிவிடும் என்கிற காலையில் வாடகையை நிறுத்திவிட்டு வாங்கு. இந்த விதி யாருக்கும் தோன்றக்கூடியதுதான். இதைவிட நல்ல உத்தி இல்லை என்பதை நான்கு வரியில் நிரூபித்துவிட முடிகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. எல்லா k-க்கும் எதிராளி என்ன செய்வார் என்று பார்த்தாயிற்று. விட்டுப்போன உத்தி ஒன்றுகூட இல்லை.

அல்காரிதத்தை எல்லாம் தெரிந்தவரோடு ஒப்பிட்டு அளக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர்கள் டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜனும். 1985-இல் வந்த அவர்கள் கட்டுரை, பட்டியல்களை மாற்றியடுக்குவதையும் நினைவகப் பக்கங்களை மாற்றுவதையும் பற்றியது. ஸ்கீ புதிரின் கணக்கு பிரபலமானது பல பிராசசர்கள் ஒரே தகவல் பாதையைப் பகிரும் இயந்திரங்களின் வழியாக. அன்னா கார்லின், மார்க் மனாசி, லாரி ருடால்ஃப், ஸ்லீட்டர் நால்வரும் 1988-இல் எழுதிய கட்டுரையின் கேள்வி இது. ஒரே தகவலின் நகல் இரண்டு பிராசசர்களின் கேஷில், அதாவது அவை பக்கத்திலேயே வைத்திருக்கும் சிறு நினைவகத்தில், இருக்கிறது. ஒருவர் அதை மாற்றி எழுதும்போதெல்லாம் மற்றவருடைய நகலையும் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் பாதையில் ஒரு சுற்று செலவு. நகலைக் கைவிட்டுவிட்டால் அந்தச் செலவு நின்றுவிடும், ஆனால் பிறகு தேவைப்பட்டால் முழுத் தொகுதியையும் திரும்ப வாங்கிவர வேண்டும். புதுப்பிப்பது வாடகை, கைவிடுவது விலை. புதுப்பித்த செலவு, திரும்ப வாங்கும் செலவை எட்டும்வரை பொறுத்திருந்து கைவிடு என்பதே விடை.

இனி குலுக்கல். 1.9-க்குக் கீழே போக முடியாது என்று நிரூபித்தோமே, அந்த நிரூபணத்தில் ஒரு இடம் இருக்கிறது. எதிராளி நாம் வாங்கும் நாளோடு பருவத்தை முடிக்கிறார். அந்த நாள் அவருக்குத் தெரிந்திருப்பதால்தான் அது முடிகிறது. நாம் எந்த நாள் வாங்குவோம் என்பதை நாமே சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தால்? சீட்டுகளின் விகிதம் அவருக்குத் தெரியட்டும், வந்த சீட்டு தெரியாது. இப்போது அவர் எந்த நாளில் முடித்தாலும் நம் செலவு ஒரு சராசரிதான்.

சீட்டுகளை எப்படிப் பிரிப்பது? எதிராளிக்கு எந்த நாளும் மற்ற நாளைவிட லாபமாகத் தெரியக்கூடாது. அதுதான் குறி. அதாவது பருவம் ஒரு நாளில் முடிந்தாலும், இரண்டில் முடிந்தாலும், பத்தில் முடிந்தாலும் நம் சராசரிச் செலவு தெரிந்தவர் செலவைப்போல் அதே c மடங்காக இருக்க வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு கூடுதல் நாளும் நம் சராசரிச் செலவைச் சரியாக c அளவு கூட்ட வேண்டும்.

ஒரு நாள் கூடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்பே வாங்கியிருந்தால் செலவு கூடாது. அன்றுதான் வாங்குகிறோம் என்றால் 10 கூடும். இன்னும் வாங்கவில்லை என்றால் 1 கூடும். நாட்கள் போகப்போக "இன்னும் வாங்கவில்லை" என்பதற்கான வாய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது, எனவே வாடகைப் பங்கு குறைகிறது. கூட்டுத்தொகை c-யிலேயே நிற்க வேண்டுமானால் "அன்று வாங்குவது" என்கிற பங்கு அதற்கு ஈடாகக் கூட வேண்டும். கணக்கைப் போட்டால் ஒவ்வொரு நாளின் சீட்டும் முந்தைய நாளின் சீட்டைப்போல் 10/9 மடங்கு என்று வருகிறது. பத்து நாள் சீட்டும் சேர்ந்து ஒன்றாக வேண்டும். அதைவைத்து முதல் நாள் வாங்கும் வாய்ப்பு 5.95 விழுக்காடு, இரண்டாம் நாள் 6.61, இப்படி ஏறிப் பத்தாம் நாள் 15.35. பதினோராம் நாளுக்குச் சீட்டே கிடையாது.

சரிபார்ப்போம். பருவம் முதல் நாளே முடிந்தால்: 5.95 விழுக்காட்டில் 10 செலவு, மீதியில் 1 செலவு. சராசரி 1.535. தெரிந்தவருக்கு 1. இரண்டாம் நாள் முடிந்தால்: முதல் நாள் வாங்கியிருந்தால் 10, இரண்டாம் நாள் வாங்கியிருந்தால் 11, இல்லையென்றால் 2. வாய்ப்புகளால் பெருக்கிக் கூட்டினால் 3.07. தெரிந்தவருக்கு 2. விகிதம் மறுபடியும் 1.535. பத்து நாளோ, ஆயிரம் நாளோ ஓடினாலும் இதே 1.535-தான். 1.9-இலிருந்து இவ்வளவு தூரம் இறங்கியது, நம்மைப் பற்றிய ஒரே ஒரு தகவலை எதிராளியிடமிருந்து மறைத்ததால். விலை பெரிதாகப் பெரிதாக இந்த எண் e/(e − 1), ஏறக்குறைய 1.582-ஐ நெருங்குகிறது. கார்லின், மனாசி, லைல் மெக்ஜியோக், சூசன் ஒவிக்கி நால்வரும் 1990-இல் இதைக் காட்டினார்கள். நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
import random
B = 10
w = [(1 - 1/B) ** (B - i) for i in range(1, B + 1)]
day = random.choices(range(1, B + 1), weights=w)[0]
```

இந்தக் குலுக்கலில் இரண்டு எச்சரிக்கை உண்டு. இது சராசரிக்கான உத்தரவாதம். சராசரியாகப் பதினேழு பேரில் ஒருவருக்கு முதல் நாள் சீட்டு வரும். அவர் வாங்கிய அன்றே பருவம் முடிந்தால் அவருக்குப் பத்து மடங்கு நஷ்டம்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எடுக்கும் முடிவுக்கு இந்தச் சராசரி ஆறுதலாக இருக்காது. நொடிக்கு ஆயிரம் தடவை முடிவெடுக்கும் இயந்திரத்துக்குத்தான் இது கைகொடுக்கும். இரண்டாவது, எதிராளி நம்மைப் பார்த்துக்கொண்டே நடந்தால் எல்லாம் போயிற்று. நாம் வாங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் பருவத்தை முடிக்க அவரால் முடியும் என்றால், நாம் எப்படிக் குலுக்கினாலும் பழைய 1.9-க்கே திரும்பிவிடுவோம். பனிக்கு அப்படிப்பட்ட வன்மம் கிடையாது. ஆனால் நம் நடத்தையைக் கவனித்துப் பதிலுக்கு நடக்கும் எதிர்த்தரப்பு இருக்கும் இடங்களில் குலுக்கல் தரும் லாபத்தை நம்பக்கூடாது.

1.535-க்கும் கீழே போக முடியுமா? முடியாது. அதற்கான காரணம் இந்தப் புதிரிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆண்ட்ரூ யாவோ 1977-இல் சொன்ன ஒரு வழியை இங்கே பயன்படுத்தலாம். நாம் குலுக்குவதற்குப் பதிலாக எதிராளியைக் குலுக்கச் சொல்வோம். அவர் எந்த விதத்தில் குலுக்குகிறார் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் குலுக்கல் இல்லாத உத்தி எதுவும் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போக முடியவில்லை என்றால், குலுக்குகிற உத்தியாலும் போக முடியாது. ஏனென்றால் குலுக்குகிற உத்தி என்பதே குலுக்காத உத்திகளின் கலவைதான்.

எதிராளி போடும் குலுக்கல் இது: ஒவ்வொரு நாள் மாலையும் பத்தில் ஒரு வாய்ப்பில் பருவம் முடிகிறது, பத்தில் ஒன்பதில் தொடர்கிறது. நேற்று வரை எத்தனை நாள் ஓடியது என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. எந்த நாள் காலையில் பார்த்தாலும், அன்றையும் சேர்த்து இன்னும் ஓடக்கூடிய நாட்களின் சராசரி 10. இந்தக் காலையில் வாங்கினால் செலவு 10. கடைசிவரை வாடகைக்கே எடுத்தால் சராசரிச் செலவு அதே 10. மூன்று நாள் வாடகைக்கு எடுத்து அப்புறம் வாங்கினாலும் 10. எந்த k எடுத்தாலும் முதல் நாளிலிருந்து கணக்கிட்ட சராசரி 10 தான். நாம் செய்யும் எந்த யோசனையும் ஒரு பைசாகூடக் குறைக்காத மாதிரி எதிராளி அமைத்துவிட்டார்.

அதே குலுக்கலில் எல்லாம் தெரிந்தவர் மட்டும் லாபம் பார்க்கிறார். குறுகிய பருவம் என்று தெரிந்தால் வாடகை, நீண்டது என்றால் வாங்கிவிடுகிறார். அவருடைய சராசரி, 1 + 0.9 + 0.81 என்று பத்து உறுப்பு கூட்டினால் வரும் 6.513. நம் 10-ஐ அதனால் வகுத்தால் 1.535. மேலே குலுக்கல் சீட்டுகளிலிருந்து வந்த அதே எண், தசமப் புள்ளி வரை. ஒரு பக்கம் நமக்கு மிகச் சிறந்த குலுக்கல், மறுபக்கம் எதிராளிக்கு மிகச் சிறந்த குலுக்கல், இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. நடுவில் இடைவெளியே இல்லாததால் இந்தக் கேள்வி முழுமையாக முடிந்துவிட்ட கேள்வி. ஆன்லைன் அல்காரிதங்களில் இப்படி முழுசாகத் தீர்ந்த கேள்விகள் அதிகமில்லை.

இங்கே ஒரு நடைமுறைத் தகவலும் ஒளிந்திருக்கிறது. பத்தில் ஒன்றுக்குப் பதிலாக, தினமும் ஐந்தில் ஒரு வாய்ப்பில் பருவம் முடியும் என்று உங்களுக்குத் தெரிந்தால், சராசரியாக மிச்சம் 5 நாள், விலையோ 10. கடைசிவரை வாங்காதீர்கள். இருபதில் ஒன்று என்றால் மிச்சம் 20, முதல் நாளே வாங்குங்கள். "வாடகை விலையை எட்டும்வரை காத்திரு" என்கிற விதி இந்த இரண்டு இடத்திலும் தவறான விடை. ஒன்றுமே தெரியாதபோதுதான் அது சரியான விடை. கொஞ்சம் தெரிந்தவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது வீண்.

இது எப்படி நிஜத்தில் வந்து நிற்கிறது என்பதற்கு நான் தினமும் பார்க்கிற இடம் லாக். ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் ஒரே தகவலைத் தொட வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் தொடலாம், மற்றவை வெளியே காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கு இரண்டு வழி. "திறந்தாச்சா, திறந்தாச்சா" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே பிராசசரை ஆக்கிரமித்திருப்பது ஒன்று. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் "திறந்ததும் எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போவது மற்றொன்று. சுற்றுவது வாடகை, கழியும் ஒவ்வொரு மைக்ரோ நொடியும் வீண். தூங்கி எழுவதற்கு ஒரு நிலையான செலவு இருக்கிறது, அது விலை. தூங்கி எழ 10 மைக்ரோ நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 10 மைக்ரோ நொடி சுற்று, திறக்காவிட்டால் தூங்கு. லாக் எப்போது திறந்தாலும், எல்லாம் தெரிந்தவரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வீணாகாது. கார்லின், காய் லீ, மனாசி, ஒவிக்கி 1991-இல் இதை நிஜமான பல பிராசசர் இயந்திரத்தில் வைத்துச் சோதித்தார்கள்.

இது சொதப்புகிற விதமும் அங்கேயே தெரியும். ஒரு லாக்கை வைத்திருப்பவர் எப்போதும் ஒரு மில்லி நொடி பிடித்துவைத்திருப்பார் என்று வையுங்கள். வருகிற ஒவ்வொரு த்ரெட்டும் 10 மைக்ரோ நொடி சுற்றிவிட்டு, பிறகு தூங்கும். ஒவ்வொரு தடவையும் 20 செலவு, நேராகத் தூங்கியிருந்தால் 10. உத்தரவாதத்தை மீறவில்லை, ஆனால் எப்போதும் உத்தரவாதத்தின் விளிம்பிலேயே நிற்கிறது. கண்டுபிடிப்பது எளிது: சுற்றியவற்றில் எத்தனை கடைசியில் தூங்கப்போனது என்று எண்ணிப்பாருங்கள். பெரும்பாலானவை தூங்கப்போனால் சுற்றியதெல்லாம் தண்டம். லினக்ஸில் C நிரல்களின் அடிப்படை நூலகமான glibc கொடுக்கும் `PTHREAD_MUTEX_ADAPTIVE_NP` வகை லாக் தன் கடந்த காலத்தைக் கவனிக்கிறது. முன்பு சுற்ற வேண்டியிருந்த எண்ணிக்கையை நினைவில் வைத்து, அடுத்த தடவை எவ்வளவு சுற்றலாம் என்பதற்கான உச்சவரம்பை அதற்கேற்ப நகர்த்துகிறது. கடந்த காலம் எதுவும் சொல்லாது என்பது எதிராளியின் குலுக்கலில்தான். லாக்குகள் பழக்கவழக்கம் உள்ளவை.

ஒரே ஒரு பிராசசர் உள்ள இயந்திரத்தில் கதையே வேறு. நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்வரை லாக்கை வைத்திருப்பவருக்கு ஓட இடமில்லை, அதனால் அவர் திறக்கவும் முடியாது. வாடகை கொடுப்பதாலேயே பருவம் நீளுகிறது. ஸ்கீ கணக்கின் அடிப்படை அங்கே உடைந்துவிடுகிறது, ஏனென்றால் அந்தக் கணக்கில் பருவத்தின் நீளத்துக்கும் நம் முடிவுக்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொண்டோம். அந்த இயந்திரத்தில் சுற்றவே கூடாது.

ஸ்கீ கடையிலும் கணக்கு இவ்வளவு சுத்தமாக இராது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாங்கிய ஸ்கீயைப் பருவ முடிவில் விற்று 4 அலகு தேற்றலாம் என்றால், உண்மையான விலை 10 அல்ல, 6. அப்போது ஆறாம் நாளே வாங்கும் நாள். பருவம் முழுவதற்கும் ஒரே வாடகை என்று மூன்றாவது வழியும் பல கடைகளில் இருக்கும், வளரும் பிள்ளைகளுக்கு அதுதான் தோது. ஒவ்வொரு வருடமும் பூட்ஸ் அளவு மாறும் பிள்ளைக்கு விலைக்கு வாங்கி எல்லையில்லாக் காலம் ஓட்டலாம் என்கிற அனுமானமே பொய்.

கடைசியாக, நம்பலாமா வேண்டாமா என்று தெரியாத ஒரு முன்கணிப்பு இருந்தால் என்ன செய்வது என்கிற கேள்வி. அத்தான் ஒரு வானிலை ஆப்பைக் காட்டி "இந்த வருஷம் பனி நிறையன்னு போட்டிருக்கான்" என்றால்? அதை முழுசாக நம்பி முதல் நாளே வாங்கினால், கணிப்பு பொய்த்த அன்று பத்து மடங்கு நஷ்டம். நம்பாமலே விட்டால், கணிப்பு சரியாக இருந்தும் 1.9 மடங்கு கட்ட வேண்டும். 2018-இல் மனீஷ் புரோஹித், சோயா ஸ்விட்கினா, ரவி குமார் மூவரும் இதற்கு ஒரு திருகு வைத்தார்கள். லாம்டா என்று ஒரு எண், 0-க்கும் 1-க்கும் நடுவில், நம்பிக்கை குறையக்குறைய 1-ஐ நோக்கிப் போகும். கணிப்பு "10 நாளோ அதற்கு மேலோ" என்றால், லாம்டாவால் 10-ஐப் பெருக்கி வரும் நாளில் வாங்கு. "அதற்குக் குறைவு" என்றால், 10-ஐ லாம்டாவால் வகுத்து வரும் நாளில் வாங்கு.

லாம்டா 0.5 என்று வைத்துப் பார்ப்போம். ஆப் நிறையப் பனி என்கிறது, ஐந்தாம் நாள் வாங்குகிறோம். கணிப்பு பலித்தால் நம் செலவு 14, தெரிந்தவருக்கு 10. விகிதம் 1.4, குலுக்கலே இல்லாமல் 1.535-ஐவிடக் குறைவு. பொய்த்து அன்றே முடிந்தால் 14-க்கு 5, அக்கா மகள் போட்ட அதே 2.8. ஆப் குறைவான பனி என்கிறது, இருபதாம் நாள்வரை காத்திருக்கிறோம். பலித்தால் வாடகையோடு முடிந்தது, விகிதம் சரியாக 1. பொய்த்து இருபது நாள் ஓடினால் 29-க்கு 10, விகிதம் 2.9. பொதுவான வடிவத்தில், கணிப்பு சரியாக இருந்தால் 1 + லாம்டா, எவ்வளவு தவறாக இருந்தாலும் 1 + 1/லாம்டா. இதற்குமேல் போகாது.

திருகை 1-க்குக் கொண்டுபோனால் இரண்டு பக்கமும் பத்தாம் நாளே வந்து நிற்கிறது, ஆப் என்ன சொன்னாலும் காதில் விழாது. 0-ஐ நோக்கிக் கொண்டுபோனால் முதல் பக்கம் முதல் நாளே வாங்கச் சொல்கிறது, மறுபக்கம் வாங்கவே வேண்டாம் என்கிறது, பொய்த்தால் விழும் அபராதத்துக்கு எல்லையில்லை. நடுவில் எங்கே நிறுத்துவது என்பதைக் கணக்கு சொல்லாது. அந்த ஆப் போன குளிர்காலங்களில் எத்தனை தடவை பலித்தது என்று அத்தானிடம்தான் கேட்க வேண்டும்.